எச்எஸ்ஆர்பியா, விஆர்ஆர்பியா?

இரண்டு ரூட்டர் வாங்கியாச்சு, கேட்வே முகவரியாக 192.168.10.1-ஐ இரண்டும் பகிர வேண்டும். ஒன்று செத்தால் மற்றது தானாகவே கேட்வே வேலையை எடுத்துக்கொள்ளும் நெறிமுறைகள்தான் எச்எஸ்ஆர்பியும் விஆர்ஆர்பியும். எதைப் போடுவது?

யாருடைய பெட்டி: எச்எஸ்ஆர்பி சிஸ்கோவின் சொந்தச் சரக்கு. விஆர்ஆர்பி பொதுத் தரம், ஒன்று சிஸ்கோ, இன்னொன்று வேறு கம்பெனி என்றால் இதுதான் வழி.

முகவரி: எச்எஸ்ஆர்பிக்கு மூன்று வேண்டும், அதாவது .2, .3 ரூட்டர்களுக்கு, .1 பொதுவுக்கு. விஆர்ஆர்பியில் ஒரு ரூட்டரின் சொந்த முகவரியையே பொதுவாக வைக்கலாம்.

மாறும் வேகம்: எச்எஸ்ஆர்பி 3 விநாடிக்கு ஒரு ஹலோ அனுப்பும், 10 விநாடி சத்தமில்லை என்றால்தான் அடுத்தவன் எழுவான். விஆர்ஆர்பிக்கு மூன்றரை விநாடி சொச்சம் போதும். ஆனால் எச்எஸ்ஆர்பியின் டைமரையும் குறைக்கலாம் என்பதால் இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

உண்மையான வம்பு, செத்த ரூட்டர் திரும்பி வரும்போதுதான். விஆர்ஆர்பியில் ப்ரீஎம்ட் தானாகவே ஆனில் இருக்கும். முதல் ரூட்டர் ரீபூட் ஆகி எழுந்ததும், ஓஎஸ்பிஎஃப் இன்னும் வழிகளைக் கற்று முடிக்காத நிலையிலேயே, கேட்வேயைப் பிடுங்கிக்கொள்ளும். அப்போது .1-க்குப் பிங் போகும், இணையம் மட்டும் வராது. எச்எஸ்ஆர்பியில் நீங்கள் ப்ரீஎம்ட் போடாதவரை இரண்டாவதே ஓட்டிக்கொண்டிருக்கும். விஆர்ஆர்பிக்கு மருந்து, சிஸ்கோ ஐஓஎஸ்ஸில்:

```
vrrp 1 preempt delay minimum 60
```

இரண்டும் சிஸ்கோ, ஏற்கெனவே எச்எஸ்ஆர்பி ஓடுகிறது என்றால் அப்படியே விடுங்கள். புதிதாகப் போடுபவர்கள், நாளைக்கு வேறு பெட்டி வரலாம் என்பவர்கள் விஆர்ஆர்பிக்குப் போகலாம், மேலே உள்ள வரியோடு.