ரெஸ்யூமேயை ‘சும்மா பார்க்க’ அனுப்பாதீர்கள்: ஒரே வேலைக்கு மூன்று ரெக்ரூட்டர்கள் வந்தால்

சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு வங்கிக்கு ஜாவா டெவலப்பர் வேலை, 12 மாத ஒப்பந்தம். இதற்காக ஒருவரை மூன்று ஏஜென்சிகள் அடுத்தடுத்துத் தொடர்புகொண்டன. செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் வந்த முதல் ரெக்ரூட்டர் வங்கியின் பெயரைச் சொல்லவில்லை. “ரெஸ்யூமே அனுப்புங்க, பொருந்துதான்னு பார்த்துட்டுக் கூப்பிடுறேன்” என்றார். அனுப்பியாயிற்று. கூப்பிடவில்லை. ஆனால் அன்று மாலையே 7,500 வெள்ளி சம்பளம் என்று தானாகப் போட்டு, ஏஜென்சிகள் ஆட்களின் விவரத்தைப் பதியும் வங்கியின் வெண்டர் போர்ட்டலில் ஏற்றிவிட்டார்.

வியாழக்கிழமை வந்த மூன்றாமவர் வங்கியின் பெயர், குழு, பட்ஜெட் எல்லாம் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கி, 8,500 வெள்ளிக்கு அனுப்பினார். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் ஒன்றாக இருந்ததால் போர்ட்டல் அதை இரட்டைப் பதிவு என்று காட்டியது. ஒரே ஆளுக்கு இரண்டு ஏஜென்சி, இரண்டு சம்பளம். வங்கி இரண்டையும் ஒதுக்கிவிட்டது. விண்ணப்பித்தவருக்கு வந்ததோ, ‘இடம் நிரம்பிவிட்டது’ என்ற ஒரு வரி மட்டும்.

வங்கி ஏன் ஒதுக்குகிறது? ஆளை எடுத்தால் ஏஜென்சிக்குக் கட்டணம் தர வேண்டும். இரண்டு பேர் உரிமை கோரினால் தகராறு. ஒருவர் வழியாக வந்த ரெஸ்யூமே பெரும்பாலும் 6 அல்லது 12 மாதங்களுக்கு அவர் கணக்கில்தான் நிற்கும். சில நிறுவனங்கள் முதலில் ஏற்றியவரை ஏற்கும், சில எழுத்தில் ஒப்புதல் வைத்திருப்பவரை ஏற்கும், சில இருவரையும் தள்ளிவிடும். எது நடக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் காவல் முதல் பதிலிலேயே தொடங்க வேண்டும்.

முதல் பதிலோடு ரெஸ்யூமே போகக்கூடாது. ஆர்வம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இவற்றைக் கேளுங்கள்: வாடிக்கையாளர் யார், எந்தக் குழு, வேலை எண் என்ன, நீங்கள் நேரடி வெண்டரா இன்னொருவர் வழியாகப் போகிறீர்களா, சம்பள வரம்பு எவ்வளவு. கூடவே அவருடைய மனிதவள அமைச்சுப் பதிவு எண்ணையும் கேளுங்கள். R என்று தொடங்கி ஏழு இலக்கங்கள் வரும். அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள ஏஜென்சிப் பட்டியலில் சரிபார்த்துவிடலாம். அடையாள அட்டையின் முழு எண்ணை இந்தக் கட்டத்தில் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

ரெக்ரூட்டர் வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லத் தயங்கினால் வேலை விவரத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஏஜென்சிகள் தலைப்பை மாற்றுவார்கள். ஆனால் பொறுப்புகள் பகுதியை அப்படியே ஒட்டிவிடுவார்கள். இரண்டு விவரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழக்கத்தில் இல்லாத ஒரு மென்பொருள் பதிப்பு, வாரம் மூன்று நாள் அலுவலகம், அதே இடம், அதே ஒப்பந்தக் காலம் எல்லாம் ஒத்துப்போனால் அது ஒரே வேலைதான். “வேறு எங்கெல்லாம் போட்டிருக்கீங்க?” என்று அவர் திருப்பிக் கேட்டால், நீங்கள் முதலில் பெயர் சொல்லாதீர்கள். வேலையே கையில் இல்லாதவர்கள் வாடிக்கையாளரைக் கண்டுபிடிக்கும் வழி இது. “நீங்கள் சொல்லுங்கள், ஏற்கெனவே போயிருந்தால் சொல்கிறேன்” என்பது போதும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? வேகமாகக் கேட்டவரை அல்ல. நேரடி வெண்டராக இருந்து, இந்த இடம் ஏன் காலியானது, மேலாளர் யாரைத் தேடுகிறார் என்று சொல்லத் தெரிந்தவரை. அரை நாள் பொறுத்து மூவரையும் ஒப்பிட்டாலும் வாய்ப்பு ஓடிவிடாது.

தேர்ந்தெடுத்ததும் மின்னஞ்சலில் ஒப்புதல் கொடுங்கள், இந்தப் பொருள்பட: “இன்ன நிறுவனத்தின் இன்ன எண் கொண்ட இந்த ஒரு வேலைக்கு மட்டும், மாதம் இவ்வளவு வெள்ளி எதிர்பார்ப்பில், என் ரெஸ்யூமேயை அனுப்ப ஒப்புக்கொள்கிறேன். வேறு எந்த வேலைக்கும் முன்கூட்டியே கேட்காமல் அனுப்ப வேண்டாம். அனுப்பியதும் தேதி, நேரத்துடன் உறுதிப்படுத்துங்கள்.” இதற்குப் பிறகுதான் ரெஸ்யூமே, அதுவும் பிடிஎஃப்பாக. மற்ற இருவருக்கும் அன்றே எழுதுங்கள்: இந்த வேலைக்கு வேறு ஏஜென்சி வழியாகப் போகிறேன், என் விவரத்தை அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தாலும் மின்னஞ்சலில் ஒரு பிரதி இருக்கட்டும். பின்னால் தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

ஐந்து வேலைநாளில் உறுதி வரவில்லையா? உடனே அடுத்தவரிடம் தாவாதீர்கள். “அனுப்பவில்லை” அல்லது “திரும்பப் பெற்றுவிட்டோம்” என்று நீங்கள் ஒப்புதல் கொடுத்தவரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே அடுத்தவருக்கு ஒப்புதல்.

கேட்காமலே ஒருவர் அனுப்பிவிட்டது தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒப்புதல் இல்லை என்று குறிப்பிட்டு, பதிவைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதுங்கள். நீங்கள் ஒப்புதல் கொடுத்த ரெக்ரூட்டருக்கும் அதன் பிரதி போகட்டும். அவர் அதை வாடிக்கையாளரின் மனிதவளப் பிரிவிடம் காட்டுவார். பதிவைச் சரிசெய்வதா வேண்டாமா என்பது வாடிக்கையாளரின் முடிவு. ஆனால் நீங்கள் ஒப்புதல் கொடுத்த மின்னஞ்சலின் தேதி, கேட்காமல் அனுப்பிய ரெஸ்யூமே போர்ட்டலில் ஏறிய தேதிக்கு முந்தியதாக இருந்தால், பேசுவதற்கு உங்கள் ரெக்ரூட்டருக்குப் பிடி கிடைக்கும்.