ஒரே வங்கி, ஒரே வட்டி, வரி மட்டும் வேறு: என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. டெபாசிட் அனுபவம்

துபாயில் வேலை, வீடு வள்ளியூர்ப் பக்கம். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் என்.ஆர்.இ. டெபாசிட்டில் கிடக்கிறது. பல வருஷமாக அந்த வட்டியில் ஒரு பைசா வரி பிடித்ததில்லை. என்.ஆர்.ஓ. டெபாசிட் என்றால் என்ன என்று தெரிந்தது, அப்பா காலத்து நிலம் பணகுடிப் பக்கம் விலைபோய் என் பங்காக 20 லட்சம் வந்த பிறகுதான். ஊரில் கிடைக்கிற வாடகையும் நிலம் விற்ற பணமும் பொதுவாக நேராக என்.ஆர்.இ. கணக்குக்குள் போகாது, என்.ஆர்.ஓ.வில்தான் விழும். வெளிநாட்டிலிருந்து வருகிற பணத்துக்குத்தான் என்.ஆர்.இ.

அந்த 20 லட்சத்தை 7 சதவீதத்துக்குப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வாங்கினேன். 35,000 வரவேண்டிய இடத்தில் 24,080தான் வந்தது. மீதி 10,920 டி.டி.எஸ். என்.ஆர்.ஓ. வட்டிக்கு 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு உள்ளதுபோல இவ்வளவு வட்டி வரை பிடித்தமில்லை என்ற வரம்பு நமக்குக் கிடையாது. "15ஜி எழுதிக் குடுத்துருங்கண்ணே, பிடிக்க மாட்டாங்க" என்றான் தம்பி. அவன் அம்மா பேரில் உள்ள டெபாசிட்டுக்கு அப்படித்தான் செய்தான். ஆனால் 15ஜி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் இருந்த படிவம். நம்மைப் போன்றவர்கள் கொடுக்கவே கூடாது.

இங்கே பலரும் பயந்துபோய் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த 31.2 சதவீதம் முன்கூட்டிப் பிடித்து வைக்கிற தொகைதான், நம் இறுதி வரி அல்ல. 2024-25இல் எனக்கு இந்தியாவில் இருந்த வருமானம் இந்த 1,40,000 வட்டி மட்டும். புதிய முறையில் அந்த வருஷம் 3 லட்சம் வரை வரியில்லை. ஆகவே ஐ.டி.ஆர். 2 தாக்கல் செய்ததும் பிடித்த 43,680 முழுவதும் திரும்ப வந்தது, என்.ஆர்.ஓ. கணக்கிலேயே வரவானது. அதற்கு அந்தக் கணக்கை வருமான வரித் தளத்தில் முன்பே சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். ஐ.டி.ஆர். 1 நமக்குச் செல்லாது.

தாக்கல் செய்வதற்கு முன், நம் பேரில் பிடித்த வரியைக் காட்டும் படிவத்தைத் திறந்து பாருங்கள்; 2024-25க்கு அது 26ஏஎஸ். அந்த வருஷத்துப் பிடித்தம் 195ஆம் பிரிவில் இருந்தால் சரி. 194ஏ என்று 10 சதவீதம் காட்டினால், வங்கி இன்னும் உங்களை உள்ளூர்வாசியாகவே வைத்திருக்கிறது என்று அர்த்தம். குறைவாகத்தானே பிடித்திருக்கிறார்கள் என்று விட்டுவிடாமல் கணக்கை மாற்றச் சொல்லுங்கள்.

இந்தியா-அமீரக வரி ஒப்பந்தத்தைக் காட்டி 12.5 சதவீதமாகக் குறைக்கலாம் என்பார்கள். உண்மைதான். அமீரகத்தில் வாங்கும் வரி வசிப்புச் சான்றிதழும், வருமான வரித் தளத்தில் நிரப்பும் அதற்கான படிவமும் வங்கிக்குக் கொடுக்க வேண்டும். என் கணக்கில் 43,680க்குப் பதில் 17,500 பிடிப்பார்கள். ஆனால் எப்படியும் முழுவதும் திரும்பி வருகிற எனக்கு அந்தச் சான்றிதழுக்கு அலைவது தேவைப்படவில்லை. கடை வாடகை, பெரிய டெபாசிட் என்று இந்திய வருமானம் மேல் படிகளுக்குப் போகிறவர்களுக்கு அது நிச்சயம் லாபம். ஒன்றை மறக்க வேண்டாம்: ஊரில் உள்ளவர்களுக்கு 2024-25இல் 7 லட்சம் வரை வரியே இல்லாமல் ஆக்கிய 87ஏ தள்ளுபடி நமக்கு இல்லை. அந்த வருஷம் 3 லட்சத்தைத் தாண்டியிருந்தால் நாம் கட்டத்தான் வேண்டியிருந்தது.

என்.ஆர்.இ.யைப் பற்றி எனக்கு உள்ள ஒரே கவலை, ஊர் திரும்பும் நாள். வரிவிலக்கு நாம் வெளியே வசிக்கிற வரைக்கும்தான். விசாவை முடித்து ஊரிலேயே இருக்க வந்துவிட்டால், அன்றிலிருந்து அந்த வட்டிக்கு வரி உண்டு. நாம் சொல்லாதவரை வங்கிக்குத் தெரியாது, பிடித்தமும் இருக்காது, அதனால் நமக்கும் உறைக்காது. ஏர்வாடியில் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் இப்படியே சில வருஷம் ஓட்டிவிட்டு, பிறகு அந்த வரியைத் தாமத வட்டியோடு சேர்த்துக் கட்டினார். வந்தவுடன் எழுதிக் கொடுத்தால் டெபாசிட்டை உள்ளூர்க் கணக்காக மாற்றுவார்கள், பேசிய வட்டி முதிர்வு வரை ஓடும். அயல்நாட்டு நாணயத்திலேயே போடும் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் இதில் கொஞ்சம் இரக்கமானது: திரும்பி வந்தபின் சட்டம் நம்மை "வழக்கமாக வசிக்காதவர்" என்று வைத்திருக்கும் காலம் வரை அந்த வட்டிக்கு விலக்கு தொடரும்.

என்.ஆர்.ஓ. டெபாசிட் முதிர்ந்ததும் பணத்தை என்.ஆர்.இ.க்கு மாற்றிவிட்டேன். நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுமதி உண்டு. என் வங்கி விற்பனைப் பத்திரம், 15சிஏ படிவம், ஆடிட்டர் தரும் 15சிபி சான்றிதழ் மூன்றையும் கேட்டது. ஆடிட்டருக்குக் கொடுத்தது போக, இப்போது அதே 20 லட்சத்துக்குக் காலாண்டு வட்டி பிடித்தமில்லாமல் வருகிறது, அதைத் திரும்ப வாங்க ரீஃபண்டுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.