தினை முறுக்கும் அதன் கேப்ஷனும்: ஒன்றரை வருஷம் வாங்கித் தின்ற அனுபவம்

இந்த முறுக்கை வாங்கத் தொடங்கியது ருசிக்காக இல்லை, இன்ஸ்டாகிராமில் பார்த்த கேப்ஷனுக்காக. "எண்ணெயில் பொரித்தது. மாவுக் கலவை: தினை 45%, பச்சரிசி 35%, உளுந்து 12%, மீதி வெண்ணெய், எள், ஓமம், உப்பு. பொரிக்கக் கடலை எண்ணெய்." அவ்வளவுதான். டயட், சுகர் கட்டுப்பாடு, எடை குறைப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது.

பச்சரிசி எதற்கு என்று கமென்டில் ஒருவர் கேட்டிருந்தார். தனித் தினை மாவு அச்சில் பிழியும்போதே விண்டுபோகும், பிழிந்தாலும் எண்ணெயில் உதிரும் என்று பதில் வந்திருந்தது. ஒருநாள் வீட்டில் செய்து பார்த்தேன். உண்மைதான், வாணலியில் அரிகரண்டி போட்டு அள்ள வேண்டியதாயிற்று.

கேப்ஷன் சொல்லாத ஒரு கணக்கும் உண்டு. 45% என்பது மாவுக் கலவையில். பொரிக்கும்போது தண்ணீர் போய் எண்ணெய் ஏறுகிறது. பாக்கெட்டின் பின்னால் 100 கிராமுக்குக் கொழுப்பு 30 கிராம் என்று இருக்கிறது. ஆக, 200 கிராம் பாக்கெட்டில் 60 கிராம் கொழுப்பு. மிச்சம் 140 கிராமில்தான் தினையின் பங்கு, சுமாராக 60 கிராம். 90 கிராம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏமாற்று என்று சொல்லமாட்டேன், பெயரில் முன்னிறுத்தும் பொருளின் சதவீதத்தைத் தயாரிக்கும்போது சேர்த்த அளவில் போடச் சொல்வதுதான் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. கொழுப்புக் கட்டத்தையும் சேர்த்துப் படிப்பது நம் வேலை.

நோயைத் தீர்க்கும் என்று உணவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று அதே ஆணையத்தின் 2018 விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு கண்காட்சியில் அப்பா வாங்கி வந்த வேறொரு பாக்கெட்டில் "சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைக் கிண்ணம் நிறையப் போட்டுத் தின்றார். "அதுக்குன்னே செஞ்சதுடா" என்றார். சேர்மானப் பட்டியலில் முதலில் இருந்தது மைதா. எடை அதிகமானதைத்தான் முதலில் எழுதுவார்கள். எடுத்துக் காட்டியும் நிறுத்த மனசே வரவில்லை அவருக்கு. தினை முறுக்கில் அப்படி ஒரு வாசகம் இல்லாததால் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்.

குறையும் உண்டு. தினை முறுக்குக்காரர்களிடமிருந்தே மே மாதம் வந்த கம்பு ரிப்பன் பக்கோடா நாக்கில் பட்டதுமே கசந்தது. கம்பில் கொழுப்பு அதிகம், அரைத்து வைத்த மாவு வெயில் காலத்தில் சீக்கிரம் சிக்கடித்துவிடும். பாக்கெட் தேதிப்படி 12 நாள்தான் ஆகியிருந்தது, அதனால் கோளாறு மாவில் என்று தோன்றியது. எழுதிக் கேட்டேன். அரைத்துப் பத்து நாளான மாவு என்று ஒத்துக்கொண்டு வேறு பாக்கெட் அனுப்பினார்கள். அடுத்த வாரத்திலிருந்து கம்புப் பண்டங்களின் கேப்ஷனில் மட்டும் ஒரு வரி கூடியிருக்கிறது: "மாவு அரைத்த தேதி."

தினைக்கும் அதைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.