பர்னஸ் ஆயிலுக்கு கியர் பம்ப்: ஆறு வருடம் ஓட்டிய அனுபவம்

எங்கள் பாய்லர் அறையில் ஸ்டோரேஜ் டேங்கிலிருந்து டே டேங்குக்கு பர்னஸ் ஆயில் ஏற்ற முதலில் இருந்தது 2 எச்.பி. சென்ட்ரிபியூகல் பம்ப். தகட்டில் மணிக்கு 10 கன மீட்டர், 20 மீட்டர் ஹெட் என்று போட்டிருக்கும். அது தண்ணீருக்கான கணக்கு. ஆயில் 60 டிகிரியில் இருந்தால் சமாளித்துவிடும். மார்கழிக் காலையில் ஹீட்டர் போட மறந்தால் ஓட்டம் பாதிக்கும் கீழே போய், ஆம்பியர் ஏறி, ஓவர்லோட் ரிலே விழுந்துவிடும்.

காரணம் இதுதான். சென்ட்ரிபியூகல் பம்பில் இம்பெல்லர் திரவத்துக்கு வேகம் கொடுக்கிறது, கேசிங்கில் அந்த வேகம் அழுத்தமாக மாறுகிறது. ஆயில் கெட்டியானால் அந்த வேகத்தை உராய்வு தின்றுவிடும். இம்பெல்லரின் இரு பக்கமும் ஆயிலை உரசுவதிலேயே மோட்டார் சக்தி நிறையப் போகும். அதனால் ஓட்டத்தைக் கிடையாகவும் ஹெட்டை மேல்நோக்கியும் வைத்து வரையும் பம்ப் கர்வ் முழுக்க ஒரே அளவில் கீழே இறங்காது. வால்வு மூடிய நிலையில் ஹெட் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஓட்டம் கூடக் கூடத்தான் சட்டென்று சரியும். வால்வை மூடி பிரஷர் கேஜைப் பார்த்துவிட்டு 'பம்ப் நன்றாக இருக்கிறது' என்று நாங்கள் பலமுறை ஏமாந்தது இதனால்தான்.

பிறகு 960 ஆர்.பி.எம்.மில் ஓடும், மணிக்கு 3 கன மீட்டர் கியர் பம்ப் போட்டோம். ஒவ்வொரு சுற்றுக்கும் பற்களுக்கு இடையில் சிக்கிய ஆயில் வெளியே போயே ஆக வேண்டும். எதிர்ப்பு கூடினாலும் ஓட்டம் லேசாகத்தான் குறையும், அதனால் கர்வ் ஏறக்குறைய செங்குத்துக் கோடு. அந்தச் சிறு குறைவும் பல் இடுக்கு வழியாகத் திரும்பக் கசிவதால் வருவது. கெட்டி ஆயில் குறைவாகத்தான் கசியும். ஆனால் வால்வை மூடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ரிலீஃப் வால்வு கட்டாயம், அதன் லைன் டேங்குக்கே திரும்பினால் நல்லது. சக்‌ஷன் பைப்பும் பெரிதாக வேண்டும். ஸ்ட்ரெய்னர் அடைத்தால் ஜல்லி உருட்டுவது போல் சத்தம் கேட்கும்.

தேய்மானம் தெரிந்த விதம்தான் முக்கியமான பாடம். புதிதில் 2,000 லிட்டர் ஏற 40 நிமிடம். ஆறாவது வருடம் 60 டிகிரி ஆயிலுக்கு 52 நிமிடம் ஆனது, அதே வாரம் குளிர்ந்த ஆயிலுக்கு 42 நிமிடம்தான். ஆபரேட்டர் தம்பி, "அண்ணே, சூடான ஆயில்தானே சீக்கிரம் ஏறணும்?" என்று கேட்டார். சூட்டில் ஆயில் நீர்த்து, தேய்ந்த இடுக்கு வழியாகப் பின்னால் ஓடுகிறது. கழற்றிப் பார்த்தால் புஷ் தேய்ந்து, கியர் கேசிங்கை உரசியிருந்தது. புஷ்ஷும் கியரும் மாற்றியதும் பழையபடி 40 நிமிடம்.

பக்கத்திலேயே தெர்மிக் ஃப்ளூயிட் சுற்றுக்கு சென்ட்ரிபியூகல் பம்பையே வைத்திருக்கிறோம். 250 டிகிரியில் அந்த எண்ணெய் தண்ணீரைப் போல நீர்த்திருக்கும், சுற்ற வேண்டிய அளவும் பெரிது. அங்கே கியர் பம்ப் போட்டால் தேய்ந்தே போகும்.