மோக்கா பாட் வாங்கி ஏமாந்தேன், படத்தை இப்படிப் பாருங்கள்

"எவர்சில்வர் மோக்கா பாட், ஆறு கப், இண்டக்‌ஷனில் வைக்கலாம்." கடலூர்க்காரர் ஒருவர் மூன்று படங்களோடு ஆன்லைனில் போட்டிருந்தார். அடுப்பில் வைத்தால் கீழே கொதிக்கும் தண்ணீர் காபித் தூள் வழியாக மேலே ஏறிக் காபியாகுமே, அந்தப் பாத்திரம்தான். பழைய பொருள்தான், ஆனால் பளபளவென்று இருந்தது. 1,400 ரூபாய் அனுப்பினேன். முத்தியால்பேட்டையில் என் வீட்டுக்குப் பார்சல் வந்தது. இண்டக்‌ஷனில் வைத்தால் அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அலுமினியம்!

அப்புறம்தான் அந்தப் படங்களை நிதானமாகப் பார்த்தேன். உடம்பு எட்டுப் பட்டையாக இருந்தது. அச்சில் வார்த்த அலுமினிய பாட்டுக்குத்தான் பெரும்பாலும் அந்த வடிவம். எவர்சில்வர் என்றால் அநேகமாக வழவழப்பாக, உருண்டையாக இருக்கும். விதிவிலக்கு உண்டு, அதனால் வடிவத்தை மட்டும் நம்பக் கூடாது. இரண்டாவது படத்தில் மூடி திறந்திருந்தது. உள்ளே மங்கலான சாம்பல் நிறம். வெளியே மட்டும் பாலிஷ் போட்டிருக்கிறார். நான் வெளிப்பளபளப்பிலேயே மயங்கிவிட்டேன். இன்னொன்று: எவர்சில்வரிலும் எல்லாமே காந்தத்தில் ஒட்டாது. இண்டக்‌ஷனுக்கு வேண்டுமென்றால் அடியில் காந்தம் ஒட்டுகிற படத்தையே கேட்க வேண்டும்.

அளவிலும் ஏமாந்தேன். மோக்கா பாட்டில் 'கப்' என்பது சின்ன எஸ்பிரஸோ கப், நம் டபரா டம்ளர் கணக்கு இல்லை. ஆறு கப் என்றால் சுமார் 300 மில்லி வரும். எனக்கு வந்தது அதில் பாதி. படத்தில் பாட் செய்தித்தாள் மேல் இருந்தது, அடிப்பாகம் இரண்டு பத்தி அகலத்துக்குள் அடங்கியிருந்தது. அதைக் கவனித்திருந்தாலே தெரிந்திருக்கும். பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்துப் படம் எடுக்கச் சொல்லியிருக்கலாம்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கீழ்ப்பாத்திரத்தின் பக்கவாட்டில் பித்தளைக் குமிழ் மாதிரி ஒரு வால்வு இருக்க வேண்டும். காபித் தூளை அழுத்தி நிரப்பியோ மிக நைசாகப் போட்டோ வழி அடைத்துக்கொண்டால், உள்ளே ஏறுகிற அழுத்தம் அது வழியாகத்தான் வெளியேறும். மூன்று படங்களிலும் அந்தப் பக்கம் தெரியவே இல்லை. கையில் வந்ததைத் திருப்பிப் பார்த்தால், வால்வு இருக்க வேண்டிய ஓட்டையைப் பசை வைத்து அடைத்திருக்கிறார். நல்லவேளை, கேஸ் அடுப்பில் வைக்கவில்லை.

போன் செய்தேன். "படத்தைப் பார்த்துத்தானே வாங்கினீங்க அண்ணே?" என்றார். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

யாராவது இப்படி வாங்குவதானால், பாட்டைக் கழற்றி மேல்பாத்திரம், புனல், கீழ்ப்பாத்திரம் மூன்றையும் தனித்தனியாக வைத்துப் படம் கேளுங்கள். வால்வு இருக்கும் பக்கம் கேமராவைப் பார்க்க இருக்க வேண்டும். மேல்பாத்திரத்தைக் கவிழ்த்தால் தெரிகிற ரப்பர் வாஷருக்கும் ஒரு படம் கேளுங்கள். அது வெடித்திருந்தால் நடு இணைப்பில் ஆவி கசியும், ஆனால் வாஷரை மாற்றிக்கொள்ளலாம்.

நேற்று பார்த்தேன், அதே மூன்று படங்களோடு அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறது. படத்தில் இருக்கும் பாட் என் அலமாரியில் இருக்கிறது.