பெயரில் ஒளியும் சர்க்கரை, கணக்கில் ஒளியும் சர்க்கரை: கண்டுபிடிக்க மூன்று வழிகள்

நெல்லிக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்திருந்த அத்தைக்குப் பத்து வருடமாகச் சுகர். சர்க்கரை ஆலை இருக்கும் ஊர்க்காரி, சர்க்கரையைத் தொடுவதில்லை. அவர் பையிலிருந்து ஒரு சத்துமாவு டப்பாவை எடுத்து வைத்தார். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தது. எங்கள் வீட்டு அலமாரியில் பிள்ளைகள் குடிக்கும் சாதாரண மால்ட் பானம் இருந்தது. விலையில் அத்தையின் டப்பா இரண்டு மடங்குக்கு மேல்.

"அதான் சர்க்கரை போடலன்னு எழுதியிருக்கானேப்பா" என்றார்.

எழுதியிருந்தது பொய்யில்லை. ஆனாலும் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். மறைந்திருக்கும் சர்க்கரையைப் பிடிக்க ஆளுக்கொரு வழி சொல்கிறார்களே, எது தேறுகிறது என்று பார்க்க ஆசை.

முதல் வழி, பெயரின் வாலைப் பார்ப்பது. 'ஓஸ்' என்று முடிந்தால் சர்க்கரை என்பார்கள். சுக்ரோஸ், ஃப்ரக்டோஸ், மால்டோஸ், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் இதில் அகப்படும். டெக்ஸ்ட்ரோஸ் என்பது வேறொன்றுமில்லை, குளுக்கோஸேதான். வெயில் காலத்தில் மருந்துக் கடையில் வாங்கிக் கரைத்துக் குடிக்கிறோமே, அந்த குளுக்கோஸ் மாவு டெக்ஸ்ட்ரோஸ்தான். வீட்டுச் சர்க்கரையைவிட இனிப்பு கொஞ்சம் குறைவு, ரத்தத்தில் ஏறும் வேகமோ அதிகம்.

ஆனால் இந்த வழி இரண்டு பக்கமும் சறுக்குகிறது. அத்தையின் டப்பாவில் 'ஓஸ்' என்று முடிந்த ஒரே பொருள் சுக்ரலோஸ். அது சர்க்கரையில்லை. சர்க்கரையைவிட ஏறக்குறைய 600 மடங்கு இனிக்கும் செயற்கை இனிப்பூட்டி, துளிதான் போடுவார்கள். பட்டியலில் முதலாவதாக நின்ற பொருளுக்கோ 'ஓஸ்' வாலே இல்லை. அதன் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். அதாவது குற்றமில்லாததைப் பிடித்துக்கொண்டு, பிடிக்க வேண்டியதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது வழி, சத்துப் பட்டியலில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரி. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகள்படி, மொத்தச் சர்க்கரையையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் தனித்தனியாகப் போட வேண்டும். டெக்ஸ்ட்ரோஸைப் பிடிக்க இது நல்ல வழி. தயாரிப்பாளர் சர்க்கரை, ஃப்ரக்டோஸ், டெக்ஸ்ட்ரோஸ் என்று மூன்றாகப் பிரித்துப் போடலாம். எடை வரிசைப்படிதான் பட்டியல் எழுதுவார்கள் என்பதால் ஒவ்வொன்றும் கீழே தள்ளிப்போகும், முதலிடத்தில் கோதுமை மாவு ஜம்மென்று உட்கார்ந்துகொள்ளும். ஆனால் சத்துப் பட்டியலில் மூன்றும் ஒரே எண்ணாகக் கூடிவிடும். எந்தப் பெயரில் வந்தாலும் அங்கே தப்ப முடியாது.

எங்கள் வீட்டு மால்ட் பானத்தில் அந்த வரி 100 கிராமுக்கு 30 கிராம் என்றது. ஒளிவுமறைவில்லாத வில்லன். அத்தையின் டப்பாவில் 0.

ஏன் 0? மரவள்ளி, சோளம், அரிசி போன்றவற்றின் மாவுச்சத்தை நொதியோ அமிலமோ கொண்டு பாதியில் உடைத்தால் கிடைப்பது மால்டோடெக்ஸ்ட்ரின். குளுக்கோஸ் கண்ணிகள் சில கோத்த குட்டிச் சங்கிலி. ஒரு கண்ணியோ இரண்டு கண்ணியோ இருந்தால்தான் லேபிள் கணக்கில் 'சர்க்கரை'. அதற்கு மேல் நீண்டால் வெறும் கார்போஹைட்ரேட். நாக்குக்கும் அது இனிப்பாகத் தெரியாது. குடலுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. எச்சிலும் கணையநீரும் குடல் நொதிகளும் அந்தச் சங்கிலியைச் சீக்கிரமே அறுத்துக் குளுக்கோஸாக்கிவிடும். ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் அது டெக்ஸ்ட்ரோஸுக்கு ஏறக்குறைய சமம்.

டெக்ஸ்ட்ரோஸ் பெயரில் மட்டும்தான் ஒளிகிறது, எண்ணில் மாட்டிக்கொள்கிறது. மால்டோடெக்ஸ்ட்ரின் பெயரைப் பட்டியலில் பகிரங்கமாகப் போட்டுக்கொண்டே எண்ணில் ஒளிகிறது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கெட்டிக்காரத் திருடன்.

மூன்றாவது வழி கழித்தல். மொத்த கார்போஹைட்ரேட்டிலிருந்து மொத்தச் சர்க்கரையையும் நார்ச்சத்தையும் கழியுங்கள். மால்டிடால் மாதிரி சர்க்கரை ஆல்கஹால் வகை இனிப்பூட்டி போட்டிருந்தால் அதையும் கழியுங்கள். மிஞ்சுவது மாவுச்சத்தோ மால்டோடெக்ஸ்ட்ரினோ. அத்தையின் டப்பாவில் 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 62, சர்க்கரை 4, நார் 5. அந்த 4 பாலிலிருந்து வருவது. கழித்தால் மிச்சம் 53. பட்டியலில் முதலிடத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின், அடுத்து பால் புரதம், எண்ணெய், நார்ச்சத்து, வைட்டமின்கள். மாவு, தானியம் எதுவும் இல்லை. அப்படியென்றால் அந்த 53-உம் கிட்டத்தட்ட முழுக்க அதுவேதான்.

அப்புறம் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று பார்த்தேன். அத்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவு 30 கிராம். நாரைக் கழித்தால் செரித்து ரத்தத்துக்குப் போகக்கூடிய கார்போஹைட்ரேட் சுமார் 17 கிராம். மால்ட் பானத்துக்கு 20 கிராம்தான் அளவு. அதில் 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 84, நார் 2. ஒரு வேளைக்குச் சுமார் 16 கிராம். ஒன்றில் சேர்த்த சர்க்கரை 6 கிராம், இன்னொன்றில் சைபர். ஆனால் ரத்தத்துக்குப் போகும் சரக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்!

அத்தை டப்பாவுக்கு நியாயமாகச் சொல்ல ஒன்று உண்டு. அதில் புரதம் கூடுதல், அது ஏற்றத்தை ஓரளவு மெதுவாக்கும். சாப்பிட முடியாத நோயாளிக்கு இந்த மாதிரி மாவு உதவும். என் சண்டை முன்பக்கத்து வாசகத்தோடுதான்.

கழித்தலும் தனியாக நின்றால் ஏமாற்றும். பெரிய மார்க்கெட்டில் வாங்கிய வெறும் கேழ்வரகு மாவில் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் பெரிய எண்ணாகத்தான் வரும். அது தானியத்தின் சொந்த மாவுச்சத்து. அதனால் கழித்த கையோடு பொருள் பட்டியலின் முதல் மூன்று பெயர்களைப் பார்க்க வேண்டும். அங்கே மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தால் கவலைப்படலாம். சிப்ஸ் பாக்கெட்டில் மசாலாவோடு சேர்ந்து வால் பக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது பொடி ஒட்டுவதற்குப் போட்ட கொஞ்சம். அங்கே பார்க்க வேண்டியது உப்பும் எண்ணெயும். 'ரெசிஸ்டன்ட் மால்டோடெக்ஸ்ட்ரின்' என்று இருந்தால் அது வேறு. எளிதில் செரிக்காததால் நார்ச்சத்துக் கணக்கில் போகும்.

ஆக, பிஸ்கட், ஜூஸ், கெட்சப் என்றால் நான் இரண்டாவது வழியோடு நிறுத்திக்கொள்வேன், அது போதும். 'சர்க்கரை இல்லை' என்று நெற்றியில் எழுதிய மாவு டப்பாக்களுக்கும், காபியில் போடும் இனிப்பூட்டிப் பாக்கெட்டுகளுக்கும் மூன்றாவது வழிதான். அந்தக் குட்டிப் பாக்கெட்டில் உண்மையான இனிப்பூட்டி சிட்டிகைகூட இருக்காது, மற்றதெல்லாம் பெரும்பாலும் இடம் நிரப்பும் மால்டோடெக்ஸ்ட்ரினோ டெக்ஸ்ட்ரோஸோதான். ஆனால் பாக்கெட்டே ஒரு கிராம் என்பதால் ஒன்றிரண்டால் கெடுதல் இல்லை.

முதல் வழி? டெக்ஸ்ட்ரோஸ் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உதவும்.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் சீல் உடைத்தாகிவிட்டது. கடற்கரையில் தினமும் ஃபுட்பால் ஆடிவிட்டு வரும் பேரனுக்குக் கரைத்துக் கொடுத்துவிட்டு, அத்தை மோர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டார். "இதுக்குப் பின்னாடி ஒண்ணும் எழுதலையே?" என்று சொம்பைத் திருப்பியும் பார்த்தார்.