காந்த வளையமும் கார் சார்ஜரும்: சிங்கப்பூர் வெயிலில் நீண்டநாள் பயன்பாட்டில் தெரிபவை

காரிலுள்ள கம்பியில்லா காந்த சார்ஜரில் ஒட்டி நிற்பதற்காகக் கைப்பேசியின் பின்னால் காந்த வளையம் ஒட்டினால் சார்ஜ் ஏறும் வேகம் குறையுமா என்று பலரும் கேட்கிறார்கள். வளையத்தால் மட்டும் வேகம் குறைவதில்லை. அது சரியான இடத்தில் இல்லாவிட்டால் குறையும். சரியாக ஒட்டிய பிறகும் கைப்பேசி வெயிலில் உட்கார்ந்திருந்தால் நன்றாகவே குறையும். காந்தம் உள்ளே இல்லாத ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வளையம் ஒட்டி, டேஷ்போர்டில் வைத்து, வரைபடம் பார்த்துக்கொண்டே ஓட்டுவோரின் நிலையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சிக்கல் அதிகம் வருவது அங்கேதான்.

கம்பியில்லா சார்ஜரில் ஒரு செப்புச் சுருள், கைப்பேசியின் முதுகுக்குள் இன்னொரு சுருள். இரண்டும் நேருக்கு நேர் இருந்தால் மின்சக்தி சுலபமாகக் கடக்கும். சில மில்லிமீட்டர் விலகினாலே அதே அளவு சக்தியை அனுப்ப, சார்ஜர் தன் சுருளில் கூடுதல் மின்னோட்டம் செலுத்த வேண்டிவரும். அந்தக் கூடுதல் முழுவதும் வெப்பமாகிறது. 2020இல் ஐபோன் 12 உள்ளேயே காந்த வளையத்துடன் வந்ததற்கும், கம்பியில்லா சார்ஜிங்குக்கென 2023இல் அறிவிக்கப்பட்ட Qi2 தரநிலை அதே வளையத்தை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் இதுதான். கேலக்சி எஸ்25 போன்றவற்றில் உள்ளே காந்தம் இல்லை. காந்தம் வைத்த உறை போட வேண்டும், இல்லையென்றால் வளையத்தை நாமே ஒட்ட வேண்டும்.

ஒட்டும்போது நடக்கும் பெரிய தவறு, கைப்பேசியின் முதுகை அளந்து நட்டநடுவில் ஒட்டுவது. சுருள் நடுவில்தான் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கேமராத் தொகுதி பெரிதாக உள்ள பல கைப்பேசிகளில் அது சற்றுக் கீழே தள்ளியிருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காந்தம் இல்லாத சாதாரண கம்பியில்லா சார்ஜரை மேசையில் வைத்து, உறையோடு கைப்பேசியை அதன்மேல் கிடத்துங்கள். சார்ஜ் ஏறத் தொடங்கியதும் மெதுவாக மேலே நகர்த்தி, சார்ஜ் நிற்கும் இடத்தில் சார்ஜரின் மையத்துக்கு நேராக உறையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகித டேப் ஒட்டுங்கள். பிறகு கீழே நகர்த்தி இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் சுருளின் மையம். இடம் வலமாகவும் ஒருமுறை செய்தால் போதும். ஐந்து நிமிட வேலை, பின்னால் மாதக்கணக்கில் பயன் தரும்.

வளையத்தை உறையில் ஒட்டுங்கள், கைப்பேசியின் கண்ணாடி முதுகில் வேண்டாம். மென்மையான சிலிக்கோன் உறையில் பசை நிற்பதில்லை. வெயிலில் நின்ற காரில் சில வாரங்களில் ஓரம் எழும்பி, வளையம் வழுக்கிக் கீழே இறங்கிவிடும். கடினமான பிளாஸ்டிக் உறை நல்லது. ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்ததும் வளையத்தை வைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒருநாள் விட்டுவிட்டுத்தான் காரில் மாட்ட வேண்டும். சார்ஜ் திடீரென மெதுவானால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: வளையம் நகர்ந்திருக்கிறதா? ஒட்டிய அன்றே அதைச் சுற்றி மெல்லிய பேனாக் கோடு போட்டுவைத்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். பழைய காந்தத் தாங்கிகளோடு வரும் வட்ட இரும்புத் தகட்டை மட்டும் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். வளையத்தின் நடுவே துளை இருப்பதே சுருளுக்கு வழிவிடத்தான். முழுத் தகடு அந்த வழியை அடைத்துத் தானே சூடாகும்.

அடுத்தது கணக்கு. கைப்பேசிக்குள் 15 வாட் போக வேண்டுமானால், சார்ஜருக்குள் ஏறத்தாழ 20 வாட் வந்தாக வேண்டும். இடையிலுள்ள 5 வாட் வெப்பம். பல கார்களின் பழைய யுஎஸ்பி துளை 5 வோல்ட் மட்டுமே கொடுக்கும். அதில் செருகிவிட்டு சார்ஜரைக் குறை சொல்வது நியாயமில்லை. 12 வோல்ட் சாக்கெட்டில் 9 வோல்ட் தரும் யுஎஸ்பி-சி பவர் டெலிவரி அடாப்டர், 20 வாட்டுக்குக் குறையாமல், போட வேண்டும்.

இனி வெயில். சிங்கப்பூரில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கிறது, டேஷ்போர்டின் மேற்பரப்பு முழு வெயிலையும் வாங்குகிறது. முன்கண்ணாடி 70 விழுக்காடு ஒளியையாவது உள்ளே விட வேண்டும் என்பது விதி. ஆகவே அடர்ந்த ஃபிலிம் ஒட்டித் தப்பிக்கவும் முடியாது. பேட்டரி 40 டிகிரியைத் தாண்டும்போது பெரும்பாலான கைப்பேசிகள் சார்ஜ் வேகத்தைத் தாமாகவே குறைக்கத் தொடங்கும். இன்னும் சூடானால் ஐபோனில் "Charging On Hold" என்று வந்து நின்றேபோகும். அது பழுது அல்ல, பேட்டரி தன்னைக் காத்துக்கொள்கிறது.

ஒரு மாலைப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். தெம்பனிஸிலிருந்து தீவு விரைவுச்சாலை வழியாகத் துவாஸ், மேற்கு வெயில் நேராக முகத்தில். 5,000 எம்ஏஎச் பேட்டரி என்றால் சுமார் 19 வாட்-மணி, ஒரு விழுக்காடு 0.19 வாட்-மணி. வரைபடம், முழு வெளிச்சத்தில் திரை, 5ஜி எல்லாம் சேர்ந்து 4 வாட் தின்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசிக்குள் 7.5 வாட் வந்தால் மிச்சம் 3.5 வாட், அரைமணியில் 9 விழுக்காடு ஏறும். சூட்டால் உள்வரவு 5 வாட்டாக இறங்கினால் மிச்சம் ஒரே வாட், அரைமணியில் 2 அல்லது 3 விழுக்காடு. 4 வாட்டுக்கும் கீழே போனால், சார்ஜ் குறி எரிந்துகொண்டிருக்கும்போதே எண் இறங்கும். உங்கள் காரிலும் அரைமணிக்கு எத்தனை விழுக்காடு ஏறுகிறது என்று ஒருநாள் காலையிலும் ஒருநாள் மாலையிலும் குறித்துப் பாருங்கள். காலையில் 9, மாலையில் 2 என்றால் கோளாறு வெயிலில். இரண்டு நேரமும் 2 என்றால் வளையம் விலகியிருக்கிறது, அல்லது அடாப்டர் போதவில்லை.

வெயில்தான் காரணம் என்றால் சார்ஜரை மாற்றுவதைவிட இடத்தை மாற்றுவது பலன் தரும். டேஷ்போர்டு மேலிருந்து எடுத்து, குளிர்காற்று வரும் துவாரத்தின் முன் மாட்டினால் கைப்பேசியின் முதுகிலேயே காற்று படும். நான் பரிந்துரைப்பது இதைத்தான். கிளிப் மட்டும் போதாது. துவாரத்தின் தகட்டைப் பின்னாலிருந்து பிடிக்கும் திருகுக் கொக்கி உள்ளதாக வாங்குங்கள். 200 கிராமுக்கு மேற்பட்ட கைப்பேசி, அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போது சாதாரண கிளிப்பைத் தொங்கவிட்டுவிடும்.

மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடு வைத்து, கைப்பேசியின் முதுகைக் குளிர்விக்கும் சார்ஜர்களும் கிடைக்கின்றன. வேலை செய்கின்றன, ஆனால் கூடுதல் மின்சக்தி கேட்கும். நம் ஊர்க் காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, அதாவது பனிநிலை, பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டி இருப்பதால், கார்க் கதவு திறந்திருக்கும் நேரத்தில் சில்லென்ற தகட்டில் நீர் முத்துமுத்தாகப் படியும். வண்டியை நிறுத்தியதும் அதையும் அணைத்துவிடுங்கள். விசிறி மட்டும் உள்ளவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும் நாள்களில் கம்பியில்லா சார்ஜிங்கை நம்ப வேண்டாம். சார்ஜரில் செருகியிருக்கும் யுஎஸ்பி-சி கம்பியைப் பிடுங்கி நேராகக் கைப்பேசியில் செருகுங்கள். காந்தம் தாங்கியாக அப்படியே பிடித்துக்கொள்ளும், முதுகிலிருக்கும் சுருளின் சூடு அடங்கிவிடும்.